எழுதுகிறவர் பார்க்காததைச் சொல்லும் சொற்களுக்கு என்ன பெயர்?

கோத்தகிரியிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். காட்டு விலங்குகளால் நடக்கும் சம்பவங்களை எஸ்டேட் மேற்பார்வையாளர்கள் எப்படி எழுதிவைக்க வேண்டும் என்று தமிழில் ஒரு சிறு கையேடு தயாரிக்கிறேன். நேரில் பார்க்காததை ‘போலத் தெரிந்தது’, ‘என்று சொன்னார்கள்’ என அளந்து எழுதுவதை ஆங்கிலத்தில் ஹெட்ஜிங் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் வேண்டும். ஆங்கிலத்தில் ஹெட்ஜ் என்றால் வேலி என்பதால் ‘வேலிச்சொல்’ என்று ஒருவர் சொன்னார். தோட்டத்தில் வேலி என்றால் வேலிதான், யாருக்கும் வேறு எதுவும் தோன்றாது. ‘தயக்கச்சொல்’ என்றால் எழுதியவருக்குத் துணிவில்லை என்று ஆகிவிடும். நான் கேட்பது துணிவைப் பற்றி இல்லை.

பக்கத்து டிவிஷனில் நடந்ததைச் சொல்கிறேன். பதிவேட்டில் இருந்தது ஒரே வரி: “காலை 7.15-க்குக் காட்டெருமை முட்டியதில் பெண் தொழிலாளிக்கு இடது தொடையில் காயம்.” எழுதியவர் அந்த நேரத்தில் தொழிற்சாலையில் இருந்தார். அப்புறம் நான் விசாரித்தேன். அந்த அம்மா சொன்னது: “பின்னால செடி முறியிற சத்தம் கேட்டுச்சு, திரும்புறதுக்குள்ள விழுந்துட்டேன்.” உடன் நடந்தவர், ஒரு காட்டெருமை வாய்க்கால் பக்கமாக இறங்கி ஓடியதைப் பார்த்திருக்கிறார். வாய்க்கால் ஈரத்தில் குளம்புத் தடம் இருந்தது. ஆனால் அவர்கள் குறுக்கே நடந்தது கவாத்து முடிந்த பகுதி. வெட்டிய குச்சிகள் கூராக நின்றன. தொடையில் ஏறியது கொம்பா, குச்சியா? பார்த்தவர் யாரும் இல்லை. மருத்துவமனைத் தாளும் பதிவேடும் வேறு வேறாகப் பேசியதால் நிவாரண விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. அந்த அம்மா இன்னும் அலைகிறார்.

கொடைக்கானலிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

‘ஐயச்சொல்’ போதுமே. தமிழில் இதற்கு இரண்டு எழுத்தே போதும்: ‘முட்டியதாம்’. ‘ஆம்’ சேர்ந்தாலே நான் பார்க்கவில்லை, கேட்டேன் என்று பொருள் வந்துவிடும். தொல்காப்பியரே ‘என்ப’, ‘என்மனார் புலவர்’ என்று பிறர்மேல் வைத்துத்தானே சொல்கிறார்? புதுச் சொல் தேடிப் போக வேண்டியதில்லை.

கூடலூரிலிருந்து, செய்தி அனுப்புகிறவர்

வழக்கு வராமல் எழுதுவதைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? நான் எல்லா வரியிலும் ‘கூறப்படுகிறது’ போட்டுவிடுவேன். அதன்பின் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஒரே ஒரு முறை சங்கடமானது. யானை வாழையைச் சாய்த்த தோட்டத்தில் நானே நின்று பார்த்தேன். பழக்கத்தில் “வாழைகள் சேதமடைந்ததாகக் கூறப்படுகிறது” என்று எழுதி அனுப்பிவிட்டேன். மறுநாள் தோட்டக்காரர், “சாய்ந்த மரத்து மேலதான நின்னுக்கிட்டிருந்தீங்க, யார் கூறினாங்க?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

குன்னூரிலிருந்து

நான் மருத்துவமனையில் விபத்துப் பதிவேடு பல வருடம் எழுதியவள். கூடலூர்த் தம்பி, உங்கள் வாழைத் தோட்டத்தில்தான் இந்த விஷயமே இருக்கிறது. நாங்கள் காயத்தை ஒரு மாதிரியும் காரணத்தை வேறு மாதிரியும் எழுதுவோம். காயம் நம் கண் முன்னால் இருக்கிறது. அதனால் இடம், நீளம், ஆழம், விளிம்பு எல்லாம் நேராக எழுதுவோம். அங்கே ‘கூறப்படுகிறது’ வந்தால் அது பிழை. காரணத்தை நாங்கள் பார்க்கவில்லை. ஆகவே ‘மாடு முட்டியதாக நோயாளி கூறுகிறார்’ என்று எழுதுவோம். சொன்னது நோயாளியா, கூட்டி வந்தவரா என்பதும் கட்டாயம் வரும். காயத்துக்குள் மரச்சிராய் இருந்தால் இருந்தது என்று எழுதுவோம், அதனால் குச்சிதான் குத்தியது என்று எழுதமாட்டோம்.

‘கூறப்படுகிறது’ என்பதில் கூறியவர் காணாமல் போகிறார். நாளைக்கு ஒருவர் திரும்ப விசாரிக்க வந்தால் யாரைத் தேடிப் போவார்? அதைவிடச் சிக்கலானது ‘தெரிகிறது’. ‘காட்டெருமை முட்டியதாகத் தெரிகிறது’ என்றால் பாதிப் பேர் ‘அப்படித் தோன்றுகிறது’ என்று படிப்பார்கள், மீதிப் பேர் ‘உறுதியாகத் தெரிந்துவிட்டது’ என்று படிப்பார்கள். ‘தெரியவந்தது’ என்றால் கேட்கவே வேண்டாம், விசாரணையே முடிந்துவிட்டது போல இருக்கும்.

ஆசிரியர் ஐயா, ‘முட்டியதாம்’ என்று பதிவேட்டில் எழுதினால் ‘எனக்கு நம்பிக்கையில்லை’ என்ற தொனி வந்துவிடுகிறது. பேச்சில் சரி. காயம்பட்டவளைப் பற்றி அப்படி எழுத எனக்கு மனம் வராது.

கொடைக்கானலிலிருந்து

‘ஆம்’ பற்றி அம்மா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ‘என்ப’ கூட, யோசித்தால், ஐயத்துக்காக வந்ததில்லை. முன்னோர் சொன்னார்கள் என்று வலுச் சேர்க்கத்தான் வந்தது. ஆகவே ‘ஐயச்சொல்’லை விட்டுவிடுகிறேன். ஆனால் மூன்று வழியாக அறிவதற்குச் சைவ சித்தாந்தத்தில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: காண்டல், கருதல், உரை. கண்ணால் கண்டது, புகையைக் கண்டு தீயை உணர்ந்தது, நம்பத் தகுந்தவர் சொல்லக் கேட்டது. இவற்றை ‘அளவை’ என்பார்கள். ‘அளந்து எழுதுவது’ என்று நீங்கள் எழுதியதும் அதனோடு பொருந்துகிறதே! ‘அளவைச்சொல்’ என்று வையுங்கள்.

கோத்தகிரியிலிருந்து

ஐயா, மூன்றாகப் பிரித்தது பெரிய உதவி. என் சிக்கலே இரண்டை ஒன்றாக நினைத்ததுதான் என்று இப்போது புரிகிறது. ‘ஓடியதைப் பார்த்தேன்’ என்று உடன் வந்தவர் சொன்னது ஒன்று, குளம்புத் தடத்தை வைத்து நாம் ஊகிப்பது வேறொன்று. ஹெட்ஜிங் என்ற ஒரே பெயருக்குள் இரண்டும் கலந்துவிட்டன. 1972-இல் அந்தப் பெயரை மொழியியலுக்குக் கொண்டுவந்த ஜார்ஜ் லேக்காஃப் கவனித்ததும் வேறு: ‘ஒரு மாதிரி’, ‘ஓரளவுக்கு’ போல ஒரு பொருளின் எல்லையை மங்கலாக்கும் சொற்கள். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு மொழிபெயர்ப்பதால் நமக்குப் பயனில்லை.

‘அளவைச்சொல்’ என்றால் மேற்பார்வையாளர்கள் கிலோ, ஏக்கர் என்று நினைப்பார்கள். ‘கருதல்’ இன்றைக்குச் சொந்தக் கருத்து என்று ஆகிவிட்டது. அதனால் இப்படி யோசித்தேன். பொதுப்பெயர் அறிவழிச்சொல், எந்த வழியாக அறிந்தோம் என்று காட்டுவது. அதற்குள் கண்வழி, தடவழி, செவிவழி. ‘செவிவழிச் செய்தி’ எல்லோருக்கும் தெரிந்ததே. தடம் பார்ப்பது இந்த மலையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய வரியை அதன்படி திருத்திப் பார்த்தேன்:

“7.40-க்கு நான் போனபோது தொழிலாளி இடது தொடையில் காயத்தோடு உட்கார்ந்திருந்தார். பின்னால் செடி முறியும் சத்தம் கேட்டதாகவும் திரும்புவதற்குள் விழுந்ததாகவும் அவர் கூறினார். 7.15 வாக்கில் ஒரு காட்டெருமை வாய்க்கால் பக்கம் ஓடியதைப் பார்த்ததாக உடன் வந்த தொழிலாளி கூறினார். வாய்க்காலில் குளம்புத் தடங்களைப் பார்த்தேன். அவற்றை வைத்துக் காட்டெருமை அருகில் வந்திருக்க வேண்டும் என நினைக்கிறேன். காயம் கொம்பாலா, கவாத்துக் குச்சியாலா என்பதைப் பார்த்தவர் இல்லை.”

கூடலூரிலிருந்து

ஒரே வரி ஆறு வரியாகிவிட்டது. இவ்வளவு எழுதப் பதிவேட்டில் இடம் எங்கே இருக்கிறது? அப்புறம், ‘பார்த்தவர் இல்லை’ என்று நாமே எழுதிக்கொடுத்தால் அந்த அம்மாவுக்கு நிவாரணம் கிடைக்குமா?

குன்னூரிலிருந்து

மருத்துவமனைத் தாளோடு முரண்படாது, அது ஒன்றுதான் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது. கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது தம்பி. ஆனால் செடி முறிந்த சத்தமும் ஓடிய விலங்கும் இப்போது எழுத்தில் இருக்கின்றன. பழைய வரியில் அவை இல்லவே இல்லை. விலங்குக்குப் பயந்து விழுந்து குச்சி ஏறியிருந்தாலும் அதைச் சொல்லிக் கேட்க இப்போது வழி இருக்கிறது.

பெயரில் எனக்கு ஒரு குறை இருக்கிறது. மூடுபனியில் பத்தடி தள்ளி ஏதோ கறுப்பாக நகர்கிறது, ‘கரடி போலத் தெரிந்தது’ என்று எழுதுகிறேன். நான் பார்த்தேன், ஆனால் சரியாகப் பார்க்கவில்லை. இது கண்வழியா?

கோத்தகிரியிலிருந்து

கண்வழிதான், ஆனால் அப்படியே விட முடியாது. ‘போலத் தெரிந்தது’ என்பதைக் கண்வழிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பக்கத்தில் எத்தனை அடி, பனியா வெயிலா என்று எழுதச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். தடவழிக்கு ‘வந்திருக்க வேண்டும்’ என்றே வரட்டும். ‘தெரிகிறது’ கையேட்டில் எங்குமே வராது. பனியில் பார்த்ததற்குத் தனிப்பெயர் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். அச்சுக்குப் போக இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.