4:59 பிடித்து ஓடியும் 3:30 தவறிய கதை

பரந்தன் சைக்கிள்
மூன்றரை மணித்தியாலத்துக்குள் மாரத்தன் ஓட வேண்டும் என்று நின்ற தம்பி ஒருவனுக்கு, பயிற்சி ஓட்டத்தில் நான் சைக்கிளில் துணை போனேன். A9 ஓரம், விடியமுதல் தொடக்கம். மணிக்கட்டில் பிளாஸ்டர் சுற்றி நேர அட்டவணை எழுதியிருந்தான்: 3:30ஐ மாரத்தனின் 42.195 கிலோமீட்டரால் வகுத்து, செக்கனுக்கு மட்டந்தட்டி, கிலோமீட்டருக்கு 4:59. பெடியன் மெசின் மாதிரி ஓடினான். 40ஆவது கிலோமீட்டரில் என் ஸ்டாப்வாட்ச் 3:19:20, பிளாஸ்டரிலும் 3:19:20. "சரியாத்தான் போறன் அண்ணை" என்றான். முடிவில் 3:30:16. முழங்காலில் கையூன்றி நின்றபடி அந்தப் பிளாஸ்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு கிலோமீட்டரிலும் பிந்தவில்லையே, 16 செக்கன் எங்கிருந்து வந்தது? மட்டந்தட்டியதாலா?

மாங்குளத்தான்
மட்டந்தட்டலால் இருக்காது. ஒரு கிலோமீட்டரில் கொஞ்சம் கூடும், அடுத்ததில் கொஞ்சம் குறையும், 42இல் எல்லாம் சமனாகிவிடும். என் பழைய ஓட்டமொன்றில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எடுத்த ஸ்பிளிட் நேரம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன், மொத்தத்தோடு இரண்டு செக்கன்தான் வித்தியாசம். தம்பி கடைசி 195 மீட்டரில் களைத்திருப்பான்.

கிளிநொச்சி கணக்கு
மாங்குளம் அண்ணை சொல்வது ஓடி முடித்த நேரங்களுக்குச் சரி. அவை ஒவ்வொன்றும் வேறு வேறு தசமத்தில் முடியும், கூடுவதும் குறைவதும் ஒன்றையொன்று வெட்டும். இரண்டு செக்கன் அளவு மிஞ்சுவது சாதாரணம். ஆனால் தம்பி ஓடியது திட்டத்தை. அதில் 42 தடவையும் ஒரே எண். 3:30 என்றால் 12600 செக்கன், 42.195ஆல் வகுத்தால் 298.61, அதாவது 4:58.61. அதை 4:59 ஆக்கினால் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் 0.39 கூடுகிறது. எல்லாம் ஒரே பக்கம், வெட்ட ஆளில்லை. 42.195ஆல் பெருக்குங்கள், 16 செக்கன் வரும். 40ஆவது கிலோமீட்டரில் அவன் 3:19:05இல் நின்றிருக்க வேண்டும். பிளாஸ்டரே 15 செக்கன் பிந்தியிருக்க, அதோடு ஒப்பிட்டு என்ன பயன்?

கிலோமீட்டர் நேரத்தை மட்டந்தட்டிக் கூட்டாதீர்கள். தொடக்கத்திலிருந்து அந்தக் கிலோமீட்டர் வரையான மொத்தத்தைத் தசமத்தோடு எடுத்து, அதை மட்டும் மட்டந்தட்டுங்கள். எக்செலில் A நிரலில் கிலோமீட்டர் எண் என்றால், B2இல்:

```
=ROUND(12600*A2/42.195,0)
```

விடை செக்கனில் வரும். நிமிடமாக்கினால் மொத்தங்கள் 4:59, 9:57, 14:56, 19:54, 24:53. ஸ்பிளிட் வேண்டுமானால் ஒன்றிலிருந்து முந்தியதைக் கழியுங்கள்: 4:59, 4:58, 4:59, 4:58, 4:59. எந்தக் கல்லிலும் பிழை அரைச் செக்கனைத் தாண்டாது, ஏனென்றால் முந்திய பிழை அடுத்ததற்குப் போவதில்லை. கடைசி வரிசைக்கு 42.195 போட்டால் சரியாக 12600.

புதுக்குடியிருப்பு 21
எனக்கும் இதே பிரச்சினை. என் வாட்ச் மாரத்தன் முடிவில் 42.6 காட்டியது. ஜிபிஎஸ் எல்லாம் பொய்.

கிளிநொச்சி கணக்கு
அது தூரப் பிரச்சினை தம்பி, வேறு கதை. வாட்ச் தானாக லாப் போட்டால் அது கல்லோடு பொருந்தாது. கல்லைக் கண்டு கையால் அமத்துங்கள்.

இரணைமடு அக்கா
எனக்கு நடந்தது இதைவிட மோசம். ஒரு போட்டியில் போனிலிருந்து லாப் நேரங்களைக் கொப்பியில் எழுதினேன். அந்த அப் தசமத்தைக் காட்டவே இல்லை, 5:12.9 என்றாலும் 5:12தான். முடிவில் என் கூட்டுத்தொகை ஸ்டாப்வாட்சைவிட ஏறத்தாழ 20 செக்கன் குறைவு. மேசையில் இருந்தவர் நான் ஒரு லாப்பை விட்டுவிட்டேன் என்று சண்டைக்கு வந்தார். ஒரு லாப் போயிருந்தால் ஐந்து நிமிடம் அல்லவா குறைய வேண்டும்! தசமத்தை வெட்டினால் சராசரியாக அரைச் செக்கன் போகும், 42 தடவைக்கு 21. வித்தியாசம் 20 பக்கம் வந்தால் வெட்டல், ஓரிரண்டு என்றால் மட்டந்தட்டல் என்று நான் பிரித்தறிவேன்.

அப்புறம் பிளாஸ்டரில் 42 வரி எழுதுவது வீண் வேலை. வியர்வையில் பேனா மை அழிந்து 24 எது 29 எது என்று தெரியாது. 5, 10, 15 என்று ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மொத்தம், அரை மாரத்தனுக்கு 1:45:00, போதும். பெரிய எழுத்தில், மார்க்கரால். பிளாஸ்டரைக் கையின் உட்பக்கம் ஒட்டினால் கையை மடக்கும்போதே கண்ணில் படும். அதோடு 3:30க்குள் வர வேண்டியவர் 3:30க்கே அட்டவணை போடக்கூடாது, 3:29:30க்குப் போடுங்கள்.

மாங்குளத்தான்
சரி, திட்டத்தில் கூடுகிறது, ஏற்கிறேன். ஆனால் 4:58க்கும் 4:59க்கும் கால் வித்தியாசம் அறியுமா? பெடியன் நாலு கிலோமீட்டரில் தலா ஐந்து செக்கன் முந்தியிருந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை.

பரந்தன் சைக்கிள்
அண்ணை, முந்தலாம்தான். ஆனால் 40இல் பிளாஸ்டர் "சரி" என்று காட்டும்போது யார் முந்துவார்? 3:19:05 என்று எழுதியிருந்தால், 15 செக்கன் பிந்திவிட்டோம் என்று அந்த இடத்திலேயே தெரிந்திருக்கும். கடைசி இரண்டு கிலோமீட்டரில் அவனால் எடுத்திருக்க முடியுமா என்பதைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை.