லோடு ஆட்டோ கூண்டில் ரிவெட்டுகள் தளர்கின்றன: எல்லாவற்றையும் கெட்டி ரிவெட்டாக மாற்றலாமா?

ஆட்டோக்காரன்: நான்கு மாதத்துக்கு முன் என் லோடு ஆட்டோவுக்கு நானே அலுமினியக் கூண்டு கட்டினேன். 1.2 மி.மீ. தகடு, உள்ளே 2 மி.மீ. எல் ஆங்கிள், 4 மி.மீ. பாப் ரிவெட். நீளம் 12 மி.மீ.; நீளம் கூடினால் பிடிப்பும் கூடும் என்றார் கடைக்காரர். இப்போது ரிவெட் தலைகளைச் சுற்றி மை தீட்டியதுபோல் கறுப்பு வளையம். துடைத்தால் இரண்டு நாளில் மறுபடி வந்துவிடுகிறது.

மாடிவீடு: எங்கள் மாடித் தகரத்திலும் ஒழுகியது. சிலிக்கான் பூசியதும் நின்றுவிட்டது. நீங்களும் பூசுங்கள்.

ஆட்டோக்காரன்: ஒழுகல் இல்லை ஐயா, ரிவெட்தான் தளர்கிறது.

சுத்தியல்: ஓடுகிற வண்டிக்குப் பாப் ரிவெட் ஆகவே ஆகாது. விமானத்தில் கெட்டி ரிவெட்தான். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இரும்புக் கெட்டி ரிவெட் அடியுங்கள்.

பழைய பட்டறை: துளை எத்தனை மி.மீ. போட்டீர்கள்?

ஆட்டோக்காரன்: 4.5. சுலபமாக நுழையட்டும் என்றுதான்.

பழைய பட்டறை: அங்கேதான் கோளாறு. 4 மி.மீ. ரிவெட்டுக்கு 4.1 துளை போதும். அடுத்தது நீளம். உங்கள் இரண்டு தகடும் சேர்ந்து 3.2 மி.மீ.தான். 12 மி.மீ. ரிவெட் அதைவிட இரு மடங்கு கனத்துக்கு உரியது. பின்பக்கம் சரியாக இறுகுவதற்குள், ரிவெட்டின் நடுவே இழுபடும் தண்டு அறுந்துவிடும். கேட்பதற்கு மட்டும் வேலை முடிந்த சத்தம். தகடுகள் உரசி வரும் அலுமினியத் தூள்தான் அந்தக் கறுப்பு. இணைப்பில் விரலை வைத்துக்கொண்டு, இன்னொருவரைத் தகட்டை அழுத்தச் சொல்லுங்கள். அசைவு விரலுக்குத் தெரியும்.

சுத்தியல் சொல்வதில் பாதி சரி. கெட்டி ரிவெட் அடிக்கும்போதே பருத்துத் துளையை அடைத்துக்கொள்ளும். அதிர்வைப் பாப் ரிவெட்டைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் பின்னால் டோலி என்ற கனத்த இரும்புக் கட்டையை முட்டுக்கொடுக்க இடம் வேண்டும். கை நுழையாத இடங்களில் விமானத்திலும், பாப் ரிவெட்டைப்போல் ஒரு பக்கமிருந்தே இறுக்கும் ரிவெட்டுகள் உண்டு. அலுமினியத்தில் இரும்பு மட்டும் வேண்டாம். ஈரம் பட்டால் துளையைச் சுற்றி அலுமினியம் அரித்துவிடும்.

கதவுக் கீலிலும் கீழ் மூலைகளிலும் கை எட்டினால் 4 மி.மீ. அலுமினியக் கெட்டி ரிவெட் அடியுங்கள், புதுத் துளை போட்டு. நீளக் கணக்கு: கனம் 3.2, அதோடு விட்டத்தின் ஒன்றரை மடங்கு 6. ஆக 9 மி.மீ. சுமார். மற்ற இடங்களில் துளையை 4.9 ஆக்கி, 4.8 பாப் ரிவெட் போடுங்கள். எவ்வளவு கனத்துக்கு உரியது என்று பெட்டியில் அச்சிட்ட பிடிப்பு அளவுக்குள் 3.2 வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். தகடுகளுக்கு இடையே பிசிறு இருந்தால் எந்த ரிவெட்டும் இறுகாது. பிரித்துச் சுரண்டிவிட்டு இறுக்குங்கள்.

ஆட்டோக்காரன்: ஆறு கழற்றினேன். டிரில் பிட் தலையின் நடுவில் நிற்காமல் வழுக்குகிறது.

பழைய பட்டறை: உள்ளே மிச்சமிருக்கும் தண்டு இரும்பு. முதலில் ஆணியால் தட்டி உள்ளே தள்ளிவிட்டு, தலை கழலும் வரை மட்டும் துளையிடுங்கள்.

ஆட்டோக்காரன்: சரியாயிற்று. இரண்டு துளைகள் நீள்வட்டமாகி 5.3 வரை போய்விட்டன.

சுத்தியல்: 6.4 ரிவெட் போட்டுவிடுங்கள்.

பழைய பட்டறை: 1.2 தகட்டுக்கு அது மிகை. இறுக்கும்போது தகடே குழியும். அவற்றை விட்டு 15 மி.மீ. தள்ளிப் புதுத் துளை போடுங்கள். ஆங்கிளின் விளிம்பு அதற்கு இடம் தருமா என்று அளந்து சொல்லுங்கள்.