புதுப்பிப்பு: சான்றிதழ் வந்தது, கஸ்டெக் வந்தபாடில்லை

போன மாதம் நான் கேட்டது: "ஏற்றுமதி இறக்குமதி ஆவணப் படிப்பு முடித்தால் கஸ்டெக் என்ற சுங்கப் பிரகடனத்தை நானே போடலாமா?"

முடியாது. பொருளின் சொந்தக்காரர் போடலாம், இல்லாவிட்டால் உரிமம் பெற்ற சுங்க முகவர். "சான்றிதழ் இருந்தால் உரிமம் தானாக வரும்" என்று அப்போது பதில் எழுதிய தம்பி சொன்னது பாதிதான் சரி. படித்தது உதவும், உரிமம் வேறு.

இப்போது திருகோணமலையில் ஒரு முகவரிடம் எழுதுவினைஞராக இருக்கிறேன். முதல் வாரமே சறுக்கினேன். கொழும்புக்கு வந்த சரக்கு, இன்வொய்ஸ் 2,400 டொலர். கோப்பில் 300 டொலர் கப்பல் கட்டணச் சீட்டும் இருந்தது. அதையும் 12 டொலர் காப்புறுதியையும் கூட்டி சரக்கின் பெறுமதி 2,712 என்று எழுதினேன்.

பெரியவர் ஒருவர் இன்வொய்ஸின் மூலையைத் தட்டினார். "சிஎஃப்ஆர் கொழும்பு" என்றிருந்தது. "தம்பி, கட்டணம் விலைக்குள்ளேயே இருக்கு. கட்டணம் சேராத எஃப்ஓபி விலை என்றால்தான் கூட்டவேணும்." கப்பல் நிறுவனம் தரும் பில் ஒஃப் லேடிங்கிலும் "ஃபிரெயிட் பிரீபெய்ட்", அதாவது கட்டணம் முன்பே கட்டியாச்சு. விலை, கப்பல் கட்டணம், காப்புறுதி மூன்றும் சேர்ந்த சரியான சிஐஎஃப் பெறுமதி 2,412. தீர்வை இந்தப் பெறுமதியில்தான் தொடங்கும், ஆகவே இல்லாத 300 டொலருக்கும் வாடிக்கையாளர் கட்டியிருப்பார். நல்லவேளை, இன்னும் சமர்ப்பிக்கவில்லை.

வகுப்பில் இந்தச் சொற்களை மனப்பாடம் செய்தோம். ஒரு உண்மைக் கோப்பைக்கூடப் புரட்டவில்லை. உரிமத்துக்கு எப்போது விண்ணப்பிப்பது என்று எனக்கும் பெரியவருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை.