கேப்ஷன் போட்டும் கதை அடங்கவில்லை, அவசரம்

பரந்தன்காரி: எங்கள் சாமானைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. எல்லாம் பொய். நேற்று இரவு ஃபேஸ்புக்கில் மறுத்துப் போட்டேன், இப்போது இன்னும் கூடக் கேட்கிறார்கள். இரண்டு கடை சரக்கைத் திருப்பிவிட்டது. என்ன எழுதினால் நம்புவார்கள்?

வயல்வரம்பு: என்ன சாமான் தங்கச்சி? என்ன கதை? நீங்கள் போட்டது என்ன? ஒன்றுமே சொல்லவில்லையே.

மல்லாவி மச்சான்: பொலிஸில் ஒரு முறைப்பாடு போடுங்கோ. குரலை வைத்தே ஆளைப் பிடிப்பார்கள்.

பரந்தன்காரி: மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். சிவப்பு அரிசி, மொட்டைக்கறுப்பன். கழுவினால் தண்ணீர் சிவக்கிறதாம், அதனால் சாயமாம். நான் போட்டது: "எங்கள் அரிசியில் சாயம் கலக்கிறோம் என்பது பச்சைப் பொய்!!! பொறாமை பிடித்தவர்களுக்குக் கடவுள் கூலி கொடுப்பார்."

எழுத்தாணி: இங்கே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், பழைய இழைகளைத் தேடிப் பார்க்காமல் கேட்கக்கூடாதென்று. முதல் வரியிலேயே "சாயம் கலக்கிறோம்" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். குரல்பதிவு கேட்காதவனும் இப்போது கேள்விப்பட்டான். அதுவும் மூன்று ஆச்சரியக்குறி.

வயல்வரம்பு: சொன்ன விதம் கடுமை, விஷயம் சரி. நீளமான பதிவில் முதல் இரண்டு மூன்று வரிதான் விரிக்காமலே தெரியும். அங்கே உண்மை நிற்க வேண்டும். கதையை நடுவில் ஒரு தரம் தொட்டால் போதும்.

கிளி_சமையல்: ஒரு அரிசியைக் குறுக்கே வெட்டிப் படம் போடுங்கள். மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை. வாய் அடைந்துவிடும்.

வயல்வரம்பு: பச்சையரிசிக்கு அது சரி. புழுங்கல் என்றால் கவனம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டு நிறம் உள்ளே கொஞ்சம் இறங்கிவிடும், வெட்டினால் மங்கலாகத் தெரியும். "பார், உள்ளேயும் சாயம்" என்று அந்தப் படத்தையே உங்களுக்கு எதிராகச் சுற்றுவார்கள். உங்களுடையது எது?

பரந்தன்காரி: புழுங்கல்.

கிளி_சமையல்: அப்படியென்றால் மன்னிக்கவும். ஆனால் நாலு தரம் கழுவித் தண்ணீர் தெளியும் வரை காட்டலாமே?

மல்லாவி மச்சான்: சிவப்பரிசியை நாலு தரம் கழுவுவதா! சத்து முழுக்க வாய்க்காலில் போகும். எங்கள் அம்மா ஒரு தரம் அலசுவா, அவ்வளவுதான்.

கிளி_சமையல்: கல்லும் தவிட்டுத் தூசியும் உங்கள் அம்மாவுக்குப் பரவாயில்லாமல் இருக்கலாம்.

எழுத்தாணி: இது சமையல் இழை அல்ல.

வயல்வரம்பு: கழுவித் தெளிந்தாலும் எதுவும் நிரூபணமாகாது, சாயமும் கழுவக் கழுவக் குறையும். ஒரு வேலை செய்யுங்கள். அவித்துக் காயவைத்த நெல்லில் ஒரு பிடி எடுத்து, கைபேசியை ஓடவிட்டு, கையாலேயே உமியை உரியுங்கள். உள்ளிருந்து சிவப்பு அரிசி வரும், உமிக்குள் யாரும் சாயம் பூச முடியாது. அந்த அரிசியை வெள்ளைக் கோப்பையில் போட்டுக் கழுவுங்கள். பக்கத்தில் இன்னொரு கோப்பையில் பைக்கட் அரிசி. இரண்டு தண்ணீரும் தேநீர் போல மாறும். வெட்டி ஒட்டாத ஒரே பதிவாக இருக்கட்டும்.

இது நிறம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் காட்டும். பைக்கட்டுக்குள் வேறு எதுவும் இல்லை என்பதற்குப் பரிசோதனை அறிக்கை வேண்டும். இருக்கிறதா?

பரந்தன்காரி: இருக்கிறது, ஆனால் போன வருட அறுவடைக்கு எடுத்தது.

வயல்வரம்பு: அதைப் போடுவதென்றால் திகதியோடு, "போன வருட அறுவடை" என்று நீங்களே எழுதிப் போடுங்கள். மறைத்தால் யாராவது கண்டுபிடிப்பான், முழுக்க நாறிவிடும். இந்த வருடத்துக்கு உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை, அதுதான் பி.எச்.ஐ.யை, கடையிலிருந்தே மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் அனுப்புவதை விட அவர் அனுப்பினால் பேச்சுக் குறையும். கேப்ஷன் இப்படி:

"எங்கள் மொட்டைக்கறுப்பன் புழுங்கல் அரிசியின் சிவப்பு அதன் தவிட்டின் நிறம். கழுவும்போது அந்த நிறம்தான் தண்ணீரில் இறங்குகிறது. சாயம் என்று ஒரு குரல்பதிவு வந்துள்ளது, நாங்கள் எதுவும் சேர்ப்பதில்லை. காணொளியில் நெல்லை உரித்தே காட்டியிருக்கிறோம். போன வருட அறுவடையின் பரிசோதனை அறிக்கை முதல் கருத்தில், திகதியோடு. இந்த வருட மாதிரி பரிசோதனைக்குப் போகிறது, முடிவு எதுவானாலும் இங்கே போடுவோம். வீட்டில் பைக்கட் இருந்தால் பின்னால் உள்ள தொகுதி இலக்கத்தை அனுப்புங்கள், அவித்த நாளைச் சொல்கிறோம்."

எழுத்தாணி: "முடிவு எதுவானாலும்" என்பது தேவையா? அதுவே சந்தேகம் கிளப்பும்.

வயல்வரம்பு: எனக்கு அதுதான் அந்தப் பதிவிலேயே நம்பக்கூடிய வரி. அவரே முடிவெடுக்கட்டும்.

ஆனையிறவு: குரல்பதிவு வாட்ஸ்அப்பில் ஓடுகிறது, நீங்கள் ஃபேஸ்புக்கில் எழுதுகிறீர்கள். அங்கேயும் ஒன்று போக வேண்டும். திகதியையும் இலக்கத்தையும் படத்துக்குள்ளேயே எழுதுங்கள். கைமாறும்போது கேப்ஷனைக் கழற்றிவிடுவார்கள். எங்கள் உப்புக்கும் இப்படி ஒரு கதை வந்தது, அதைச் சொன்னால் இரவாகிவிடும்.

பரந்தன்காரி: போட்டேன் அண்ணை. "முடிவு எதுவானாலும்" வைத்துக்கொண்டேன். உரித்து உரித்து நகம் போய்விட்டது. ஒரு கடை திரும்ப எடுத்தது, மற்றது இன்னும் பதில் இல்லை. பி.எச்.ஐ. அடுத்த கிழமை வருகிறாராம்.

மல்லாவி மச்சான்: நல்லது. ஆனால் ஒரு தரம் கழுவினால் போதும், சொல்லிவிட்டேன்.