ப்ளோயர் 4ல மட்டும் ஓடுது: ரெசிஸ்டர் மாத்தியும் மறுபடி போயிருச்சு, உங்களுக்கு ஆயிருக்குங்களா?

பல்லடம்:
நம்மளுது சின்ன ஹேட்ச்பேக்குங்க, ஏசி நாப் கையில திருகற மாடல். சித்திரை வெயில்ல 1, 2, 3 மூணு ஸ்பீடும் ஒட்டுக்கா நின்னு போச்சு. 4ல வெச்சா மட்டும் காத்து வருது, அதுவும் முழு வேகத்துல. பின்னாடி உட்கார்ற அம்மாவுக்கு அந்தக் காத்து ஒத்துக்கறதில்லை, கண்ணாடிய இறக்கிட்டு வெயில்லயே வர்றாங்க. ஒரு வொர்க்‌ஷாப்ல ரெசிஸ்டர் போச்சுன்னு மாத்திக் கொடுத்தாங்க, நல்லா ஓடுச்சு. ஐப்பசி மழைக்குள்ள மறுபடியும் அதே மாதிரி. திரும்பப் போனா, பார்ட் டூப்ளிகேட்டு, ஒரிஜினல் வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க.

வாங்கறதுக்கு முன்னால நானே கழட்டிப் பார்த்தேனுங்க. இடது பக்கம், டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னாடி, ரெண்டே ஸ்க்ரூ. காயில் மூணும் முழுசா இருக்கு, கருகவே இல்லை. மீட்டர் வெச்சா ஒவ்வொண்ணுலயும் ஒரு ஓம், அரை ஓம்னு காட்டுது. ஆனா காயிலுக்கு முன்னால இருக்கற குட்டி தெர்மல் ஃபியூஸ் திறந்து கெடக்கு. பழைய பீஸும் டிக்கியில இருந்துச்சு, அதுலயும் அந்த ஃபியூஸ் மட்டும்தான் போயிருக்கு. ரெண்டு பீஸும் ஒரே எடத்துல போகோணும்னா பார்ட்டுக்கு வெளிய ஏதோ இருக்குதுன்னுதான் எனக்குப் படுது.

திருப்பூர்:
ஃபில்டர் அடைச்சிருக்கும் நண்பா. நம்ம ஊர்ல பனியன் கம்பெனித் தெருவுல வண்டி நிறுத்தினாலே பஞ்சு ஏறிரும். ஃபில்டர் அடைச்சா மோட்டார் திணறி அதிகக் கரண்ட் இழுக்கும், அதுல ரெசிஸ்டர் சூடாயி அடிச்சிரும். எனக்கு ஃபில்டர் மாத்தினதோட பிரச்சினை நின்னுருச்சு.

கோபி:
எனக்கு இதுக்கு நேர்மாறு. எந்த ஸ்பீடு வெச்சாலும் ஃபுல்லாத்தான் அடிக்குது, சாவி எடுத்தாத்தான் நிக்குது. டிஸ்ப்ளேயில டெம்பரேச்சர் நம்பர் வர்ற ஆட்டோமேட்டிக் ஏசி. இதுவும் ரெசிஸ்டர்தானுங்களா? உக்கடத்துல பழைய பீஸ் கிடைக்குமுங்களா?

சிங்காநல்லூர் (ஆட்டோ எலக்ட்ரிக் பட்டறை):
கோபித் தம்பி, உங்க வண்டியில இந்தக் காயில் ரெசிஸ்டரே இருக்காது. வேகத்தைக் குறைக்கறதுக்கு ஒரு டிரான்சிஸ்டர் மாட்யூல் இருக்கும், அது ஷார்ட் ஆனா அப்படித்தான் ஃபுல்லா ஓடும். பழைய பீஸ் வாங்கறதுன்னா நம்பரும் கனெக்டரும் அப்படியே ஒத்துப் போகோணும், உருவத்தைப் பார்த்து வாங்காதீங்க.

இப்பப் பல்லடத்துக்கு வர்றேன். 4ங்கறது ரெசிஸ்டர் காயிலைத் தொடாம நேரா மோட்டாருக்குப் போற வழி. அதனாலதான் அது மட்டும் பொழைக்குது. மத்த மூணுக்கும் அந்தத் தெர்மல் ஃபியூஸ் பொது, அது போனா மூணும் ஒண்ணாப் போகும். 2 மட்டும் போயி 1ம் 3ம் ஓடுச்சுன்னா ஸ்விட்ச் பக்கம் பார்க்கோணும்.

திருப்பூர்க்காரர் சொன்னதுல ஃபில்டர் காரணம்ங்கறது சரி, ஆனா மோட்டார் அதனால அதிகம் இழுக்கறதில்லை. இந்த மாதிரி ப்ளோயர் வீல் காத்தைத் தள்ளாம சும்மா சுத்தும்போது பாரம் குறையும், கரண்டும் குறையத்தான் செய்யும். ஃபில்டரைக் கையால அடைச்சுக் கேட்டுப் பாருங்க, சத்தம் வேகமாகும். கெடுதல் வேற எடத்துல. அந்தக் காயில் காத்துக் குழாய்க்குள்ள நிக்கறதே அந்தக் காத்துல ஆறறதுக்குத்தான். காத்து வராட்டி சூடு போகாது.

கணக்கையும் பாருங்க. 1ல மோட்டார் 4 ஆம்பியர் இழுக்குது, காயில் எல்லாம் சேர்ந்து 2.1 ஓம்னு வெச்சுக்குவோம். காயில்ல மட்டும் 34 வாட் சூடு. நாம பத்த வைக்கற சால்டரிங் அயர்னே 25 வாட்தான். இப்ப மோட்டார் புஷ் காஞ்சு இறுகி 5 ஆம்பியர் கேட்டா அது 52 வாட் ஆயிரும். அதுவும் காத்து ரொம்பக் கம்மியா இருக்கற ஸ்பீடுல. ரெண்டாவது ரெசிஸ்டர் போனதுக்கு நான் மோட்டாரைத்தான் சந்தேகப்படுவேன். 4ல நல்லாத்தானே சுத்துதுன்னு ஏமாந்துராதீங்க, முழு வோல்ட்டேஜுல இறுகின மோட்டாரும் சுத்தும். சாவியை எடுத்துட்டு வீலைக் கையால தட்டி விடுங்க. நல்ல மோட்டார்னா சித்த நேரம் தானாச் சுத்தி நிக்கும். தட்டின உடனே நின்னா சங்கதி அதுதான்.

கரூர்:
நான் டாக்ஸி ஓட்டறேன். அந்த ஃபியூஸ் போனப்ப ரெண்டு காலையும் ஒரு வயரால சேர்த்துச் சால்டர் பண்ணிட்டேன். இன்னும் எல்லா ஸ்பீடும் ஓடிட்டுத்தான் இருக்கு. எதுக்கு வீணாச் செலவு?

சிங்காநல்லூர்:
அண்ணா, தயவு செஞ்சு அதைக் கழட்டிருங்க. மோட்டார் என்னைக்காவது நின்னு போனா காயில் செவக்கும், தடுக்கறதுக்கு எதுவும் இல்லை. அதைச் சுத்தி இருக்கறது முழுக்கப் பிளாஸ்டிக், முன்னால காஞ்ச வேப்பிலை வேற. புது ரெசிஸ்டர் சில நூறு ரூபாய்ல வருது, நீங்க சவாரியில ஆளுங்களை ஏத்தறீங்க. அப்படி வயர் போட்டு வந்த ஒரு வண்டியில குழாய்ப் பிளாஸ்டிக் உருகித் தொங்கினதை என் பட்டறையிலயே கழட்டினேன்.

பெருந்துறை:
அண்ணா, நான் தெனமும் ஈரோட்டுக்கு ஸ்கூல் வேலைக்கு ஓட்டிட்டுப் போறேன். புது பார்ட் வர்ற வரைக்கும் 4லயே ஓட்டலாமா? மோட்டார் எரிஞ்சிருமோன்னு பயமா இருக்கு.

சிங்காநல்லூர்:
ஓட்டலாம்மா, 4ங்கறது மோட்டார் ஓடறதுக்கான வேகம்தான். ஆனா சில வண்டிகள்ல 4க்கான கரண்டும் அதே கனெக்டர் வழியாத்தான் போகும். பெட்டியைக் கழட்டிக் கனெக்டர் மஞ்சளாயிருக்கா, பின் கருகியிருக்கான்னு பார்த்துக்கங்க. உருகின கனெக்டர்ல புது ரெசிஸ்டரைச் சொருகினா லூஸ் பின் மறுபடி சூடாகும். பின்னையும் சேர்த்து மாத்தச் சொல்லுங்க.

பல்லடம்:
அண்ணா சொன்ன மாதிரியே பார்த்தேனுங்க. தட்டி விட்டா அரைச் சுத்துக்கூட வரலை. மோட்டாரை வெளிய எடுத்தா வீலுக்கும் மோட்டாருக்கும் நடுவுல பஞ்சு நூலாத் திரிஞ்சு தண்டைச் சுத்தி இறுகியிருக்கு. நம்ம வீட்டுக்குப் பக்கத்துலயே பத்துத் தறி ஓடுதுங்க, ஃபில்டர் போட்ட தடயமே வண்டியில இல்லை, காலி ஸ்லாட்டுதான். நூலை அறுத்து எடுத்து, வீலை பிரஷ்ல தேச்சு மாட்டினேன். இப்பத் தட்டி விட்டா அழகாச் சுத்துது. டிசி கிளாம்ப் மீட்டர் இரவல் வாங்கி 4ல வெச்சுப் பார்த்தேன், முன்னால 17 ஆம்பியர் இருந்தது 13க்கு வந்துருச்சு. ஃபில்டரும் புது ரெசிஸ்டரும் போட்டாச்சு, மூணு ஸ்பீடும் வருது.

ஒண்ணு மட்டும் பாக்கி. காலைல முதல் தடவை 1ல வெச்சா ரெண்டு நிமிசம் கீச்சுன்னு சத்தம் வருது. புஷ்ஷுக்கு எண்ணெய் விடலாமுங்களா?

திருப்பூர்:
ரெண்டு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விடு நண்பா, போயிரும்.

சிங்காநல்லூர்:
எண்ணெய் விட்டாச் சத்தம் நிக்கும். ஆனா வழிஞ்சு கார்பன் பிரஷ்ல ஏறினா மோட்டார் போயிரும், பஞ்சும் அதுல நல்லா ஒட்டும். நான் விட மாட்டேன். என்னோட பட்டறைப் பையன் விடலாம்பான், அவன் விட்ட வண்டிகளும் ஓடிட்டுத்தான் இருக்கு. நீங்க மாசம் ஒருக்கா கிளாம்ப் மீட்டர் வெச்சுப் பாருங்க. 13 மேல ஏறிட்டே வந்துச்சுன்னா ரெசிஸ்டர் போறதுக்கு முந்தி மோட்டாரை மாத்திருங்க.