சோலார் பேனல் வச்சு வட அரைக்கோளமா தென் அரைக்கோளமான்னு சொல்ல முடியுமா? அவசரம்

மாடிவெயில்:
யாராவது சீக்கிரம் சொல்லுங்க. போட்டோ பாத்து ஊர் கண்டுபிடிக்கிற போட்டி, ராத்திரி 9 மணிக்குள்ள பதில் அனுப்பணும். சின்ன ஊர், கார் எல்லாம் இடது பக்கம் போகுது, பின்னாடி காஞ்ச மலை, மொட்டைமாடி வீடுங்க, எல்லா வீட்டு மேலயும் சோலார். ஒண்ணு சைப்ரஸ், இல்லன்னா தென் ஆப்பிரிக்கா கேப் டவுன் பக்கம், இந்த ரெண்டுல ஒண்ணுன்னு தோணுது. பேனல் வடக்கே இருக்கு, அப்ப தென் அரைக்கோளம்தானே? கேப் டவுன்னு போட்டுரவா?

தேன்மொழி:
"வடக்கே இருக்கு"ன்னா வடக்கு பாத்து சாஞ்சிருக்கா, இல்ல படத்துல வடக்குப் பக்கம் இருக்கிற வீட்டு மேல இருக்கா? ரெண்டும் வேற வேற. திசை எப்படி தெரிஞ்சுது உங்களுக்கு? படத்தையே போடலியே நீங்க.

பழையபுலி:
இந்தக் கேள்வி இங்க எத்தனை தடவை வந்தாச்சு, தேடிப் பாக்கிற பழக்கமே யாருக்கும் கிடையாது. பேனல் வடக்கு பாத்தா தென் அரைக்கோளம், தெற்கு பாத்தா வட அரைக்கோளம், ஸ்கூல்ல படிச்ச விஷயம். டிஷ் ஆன்டெனாவும் அதேதான், கேப் டவுன்ல எல்லா டிஷ்ஷும் நேர் வடக்கு பாக்கும். அதையும் பாத்துட்டு போட்டுட்டு போங்க.

வைகைக்கரை:
சரியான இடத்துலதான் கேக்கறேன்னு நினைக்கிறேன். மதுரைல எங்க வீட்டுக்கு போன மாசம் சோலார் போட்டோம், வந்தவங்க கிழக்கு பாத்து மாட்டிட்டு போயிட்டாங்க. தெற்கு பாத்துதான் இருக்கணும்னு மச்சான் சண்டை போடறார். கழட்டி மாத்தணுமா?

மாடிவெயில்:
படம் போடக்கூடாது, போட்டி விதி. ஸ்ட்ரீட் வியூ படம்தான், மூலைல திசைகாட்டி இருக்கு, N நேரா மேல. நம்பர் பிளேட் மங்கல், கடை போர்டு எதுவும் இல்ல. பேனல் கண்ணாடி நல்லா நீலமா தெரியுது.

செங்கோணம்:
N மேல இருந்தா கேமரா வடக்க பாத்து நிக்குதுன்னு அர்த்தம். உங்களுக்கு கண்ணாடி தெரியுதுன்னா கண்ணாடி உங்கள பாத்து இருக்கு, அதாவது தெற்கு பாத்து இருக்கு. பேனல் வடக்கு பாத்து இருந்தா இந்த கோணத்துல அதோட முதுகுதான் தெரியும், கம்பிக் காலும் வெள்ளை பின்பக்கமும். இந்த இடத்துலதான் நிறைய பேர் தலைகீழா எழுதிடறாங்க.

ஆனா ஒரு பேனல வச்சு முடிவு பண்ணாதீங்க. ஓட்டுக் கூரை மேல இருந்தா கூரை எந்தப் பக்கம் சரியுதோ பேனலும் அந்தப் பக்கம்தான், வீடு கட்டினவர் தெருவப் பாத்துக் கட்டியிருப்பார், சூரியனப் பாத்து இல்ல. கிழக்கு மேற்கு கூரைல போட்டது எங்கயும் நிறைய உண்டு. மொட்டைமாடில ஸ்டாண்டு போட்டு நிறுத்தினதுதான் நம்பலாம், ஏன்னா அங்க திசைய மாட்டுறவர்தான் முடிவு பண்றார். தெரு கோணலா போகுது, வீடுங்களும் அதோட சேந்து கோணலா இருக்கு, ஆனா ஸ்டாண்டு மட்டும் மாடிச் சுவருக்கு குறுக்கால திரும்பி எல்லா வீட்டுலயும் ஒரே பக்கம் பாக்குதுன்னா அதுதான் பலமான சாட்சி. உங்க படத்துல அப்படி இருக்கான்னு பாருங்க.

இன்னொண்ணு, அது கரண்ட் பேனலா, தண்ணி காயவைக்கிறதா? சைப்ரஸ்ல தண்ணி ஹீட்டர் இல்லாத மாடி அபூர்வம். சாஞ்ச தட்டுக்கு மேல் விளிம்புல படுக்க வச்ச உருளை இருக்கும், பம்ப் இல்லாம சூடான தண்ணி தானா மேல ஏறணும்ங்கறதுக்காக உருளை எப்பவும் ஒசரமான பக்கம்தான் இருக்கும். தூரத்துல கண்ணாடி சரியா தெரியலன்னாலும் உருளை எந்தப் பக்கம்னு பாத்தா போதும், அதுக்கு எதிர்ப் பக்கம் தட்டு சாயுது. அந்த உருளைக்கும் மேல பச்சத்தண்ணி டாங்க் ஒண்ணு ஸ்டாண்டுல நின்னா சைப்ரஸ் இன்னும் பலமாகும்.

கரிசல்:
சாய்வு கோணத்த அளந்தா ஆச்சே? அட்சரேகை எவ்வளவோ சாய்வும் அவ்வளவுதானே.

செங்கோணம்:
இங்க உதவாது. கேப் டவுன் தெற்கே 34 டிகிரி, சைப்ரஸ் வடக்கே 35 டிகிரி. ரெண்டு ஊர்லயும் சாய்வு ஒரே மாதிரிதான் வரும். கார் இடது பக்கம் போறதும் ரெண்டு நாட்டுலயும் ஒண்ணுதான். அதனாலதான் திசை மட்டும்தான் பிரிச்சுக் காட்டும்.

ஜோபர்க்வாசி:
பழையபுலி சார், டிஷ் நேர் வடக்குன்னு சொன்னீங்க, நான் ஆறு வருஷமா ஜோகன்னஸ்பர்க்ல இருக்கேன், இங்க டிஷ் எல்லாம் வடகிழக்குதான் பாக்குது, சொல்லப்போனா வடக்க விட கிழக்குக்குத்தான் கிட்ட. டிஎஸ்டிவி சாட்டிலைட் 68.5 டிகிரி கிழக்குல நிக்குது, ஊர் இருக்கிறது 28 டிகிரி கிழக்குல.

பழையபுலி:
வடகிழக்குலயும் வடக்கு இருக்குல்ல. சாட்டிலைட் எல்லாம் பூமத்திய ரேகைக்கு மேலதான் நிக்குது, நான் சொன்ன கொள்கை சரிதான்.

ஜோபர்க்வாசி:
கொள்கை சரி சார், ஆனா நேர் வடக்குன்னு நம்பி திசைகாட்டி இல்லாத படத்துல டிஷ்ஷ வச்சு வடக்கு குறிச்சா 60 டிகிரிக்கு மேல தப்பும். டிஷ் எந்த சாட்டிலைட்டப் பாக்குதுன்னு தெரியணும், அதுக்கு முதல்ல நாடு தெரியணும், தேடுறதே நாட்டத்தான்.

தேன்மொழி:
நிழல யாரும் கேக்கலியே. நிழல் எந்தப் பக்கம் விழுது மாடிவெயில்?

மாடிவெயில்:
மின் கம்பத்து நிழல் குட்டையா, என்னை விட்டு விலகி படத்துக்குள்ள போற மாதிரி விழுது.

செங்கோணம்:
அப்ப நிழல் வடக்கே விழுது, சூரியன் தெற்கே. குட்டை நிழல்னா உச்சி வேளைக்கு கிட்ட. 35 டிகிரில வருஷம் பூரா உச்சி சூரியன் பூமத்திய ரேகைப் பக்கம்தான், அதனால பேனலும் நிழலும் ஒரே பதில் சொல்லுது. நீள நிழலா இருந்தா நம்பியிருக்க மாட்டேன், கோடைல விடிகாலைச் சூரியன் கிழக்கத் தாண்டி வடக்குலதான் உதிக்கும்.

கரிசல்:
எங்க ஊர்ல மே மாசம் மத்தியானம் நிழல் தெற்கே விழுது, அப்ப தமிழ்நாடு தென் அரைக்கோளமா?

தேன்மொழி:
வெப்ப மண்டலத்துல நிழல் ஏமாத்தும் கரிசல். மதுரைல நடு ஏப்ரல்ல இருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் உச்சி சூரியன் வடக்கேதான். பேனல் மாசத்துக்கு மாசம் திரும்பாது, வருஷ கணக்குக்கு மாட்டினது, அதனால இங்க நிழல விட பேனல்தான் மேல். ஆனா நம்ம பக்கம் சாய்வே 10, 15 டிகிரிதான், அதுவும் மழைல அழுக்கு கழுவிட்டு ஓடத்தான். எப்படி வேணா திருப்பி மாட்டுவாங்க, சாட்சி பலம் கம்மி.

மாடிவெயில்:
ஸ்டாண்டு எல்லாம் ஒரே பக்கம்தான், மாடிச் சுவருக்கு குறுக்கால திரும்பியிருக்கு. உருளை தூரப் பக்கம், தட்டு என் பக்கம். சைப்ரஸ்னு போடறேன். ரெண்டாவது படம் ஒண்ணு இருக்கு, அதுல திசைகாட்டி இல்ல, ஆனா ஒரு மணிக்கூண்டுல 8:30 தெரியுது. பேனல் இருக்கு, வெயில் இருக்கு. ஏதாவது வழி?

செங்கோணம்:
இருக்கு. பேனலுக்கு முதுகைக் காட்டி அது பாக்கிற பக்கமே பாத்து நிக்கிறதா நினைச்சுக்குங்க. காலைல சூரியன் கிழக்கு. வெயில் இடது கைப் பக்கம் இருந்து வந்தா நீங்க பாக்கிறது தெற்கு, அப்ப வட அரைக்கோளம். வலது கைப் பக்கம்னா தென் அரைக்கோளம். சாயங்காலம்னா அப்படியே மாத்திக்கணும். 8:30 காலையா சாயங்காலமா? கோடைல 35 டிகிரி தாண்டின ஊர்ல சாயங்காலம் 8:30க்கும் வெளிச்சம் இருக்கலாம். கடை ஷட்டர் திறந்திருக்கா?

மாடிவெயில்:
முதல் படம் அனுப்பியாச்சு, நன்றி எல்லாருக்கும். ஷட்டர் பாதி.

தேன்மொழி:
பாதின்னா திறக்கிறாங்களா மூடறாங்களா? குப்பை வண்டி, ஸ்கூல் பசங்க, ஈரமான தெரு, எதாச்சும் இருக்கா?

வைகைக்கரை:
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. கழட்டணுமா?

செங்கோணம்:
வைகைக்கரை, கழட்டாதீங்க. 10 டிகிரி சாய்வுல மதுரைல கிழக்குக்கும் தெற்குக்கும் வித்தியாசம் சில சதவீதம்தான், மாத்துற செலவு அதுக்கு கட்டாது. தண்ணி டாங்க் எங்க இருக்குன்னு மட்டும் பாருங்க. கன்னி மூலைல இருந்தா மத்தியானத்துக்கு மேல நிழல் கிழக்குப் பக்கம் நீளும், ஒரு பேனல் மேல விழுந்தாலும் அதோட சீரீஸ்ல இருக்கிற மத்ததோட கரண்டையும் இழுத்துடும். மூணு மணிக்கு மாடிக்கு போய் பாத்துட்டு எழுதுங்க.

வைகைக்கரை:
டாங்க் கன்னி மூலைலதான் இருக்கு.