வேர்டு திருத்தங்களும் கமெண்டுகளும் மாற்றும்போது காணாமல் போகின்றன, உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. அடையாறில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சுகாதாரக் கையேடு எழுதுகிறோம். திருத்தமெல்லாம் வேர்டில், டிராக் சேஞ்சஸ் போட்டுத்தான். நேற்று பேண்டாக் வழியாக மார்க்டவுனுக்கு மாற்றினேன். ஓரிடத்தில் "21 நாள்" என்பதை எங்கள் மருத்துவர் "28 நாள்" ஆக்கி, ஏன் என்று கமெண்டில் எழுதியிருந்தார். புதிய கோப்பில் 28 மட்டும் இருக்கிறது; யார் மாற்றினார், ஏன் மாற்றினார், ஒன்றும் இல்லை.

காரணம் பிடிபட்டது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் பேண்டாக் திருத்தங்களை ஏற்றுக்கொண்டு கமெண்டுகளை விட்டுவிடும். நல்லவேளை, மூலக் கோப்பு இருந்தது. இப்படிக் கொடுத்ததும் எல்லாம் வந்தது:

```
pandoc --track-changes=all kaiyedu.docx -o kaiyedu.md
```

ஆனால் ஒவ்வொரு திருத்தமும் பெயர், தேதியோடு வரிக்குள்ளேயே வந்து நிற்கிறது, வாசிக்க முடியவில்லை. அதனால் இதை வரலாற்றுக்காக கிட்டில் வைத்துவிட்டு, வாசிக்க `accept` கோப்பைத் தனியாக எடுக்கிறேன்.

என் கேள்வி: மருத்துவரின் திருத்தங்களை மட்டும் ஏற்று, மற்றவர்களுடையதை அப்படியே நிறுத்திவைக்க லுவா ஃபில்டர் யாராவது எழுதியிருக்கிறீர்களா? மாதிரி கிடைத்தால் போதும், இந்த வாரமே கையேடு அச்சுக்குப் போகவேண்டும்.